காம்போசிட்டா, டேவிசனா: ஜோடி ஜாதகத்தில் சூரியன் ஏன் எதிர் ராசிக்குப் போகிறது

கேள்வி: "நானும் என் வருங்காலக் கணவரும் பிறந்த விவரங்களைப் போட்டு இரண்டு விதமான ஜோடி சார்ட் எடுத்தேன். காம்போசிட்டில் சூரியன் கடகத்தில் இருக்கிறது, டேவிசனில் நேர் எதிரே மகரத்தில். ஒரே ஜோடிக்கு இப்படி வருமா? எதை நம்பிப் படிப்பது?"

வரும். பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் இருவருக்கும் உள்ள வயது வித்தியாசத்தை முழு வருடமாக்கினால் அது ஒற்றைப்படை எண்ணாக இருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, இப்படி. இரண்டு வருடம் ஒன்பது மாதம் என்றால் அதை மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இரட்டைப்படையாக இருந்திருந்தால் இரண்டு சார்ட்டிலும் சூரியன் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருக்கும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இது ஜோதிடம் இல்லை, வெறும் கணக்கு. மும்பை மாட்டுங்காவில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஜாதகம் பார்க்கிறேன். கல்யாணப் பொருத்தத்துக்கு நம் முறை, சேர்ந்து வாழ ஆரம்பித்துவிட்டவர்களுக்கு மேற்கத்திய முறையும் சேர்த்து. இந்தக் கணக்கு எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அது புரிந்த பிறகு இந்த இரண்டு சார்ட்டையும் நான் படிக்கும் விதமே மாறிவிட்டது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

காம்போசிட்டில் கிரகத்துக்குக் கிரகம் நடுப்புள்ளி எடுக்கிறோம். உங்கள் சூரியனுக்கும் அவர் சூரியனுக்கும் நடுவில் ஒரு புள்ளி, சந்திரன் இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி, லக்னத்துக்கும் அப்படியே. வட்டத்தில் இரண்டு புள்ளிக்கு நடு என்று பார்த்தால் எப்போதும் இரண்டு இடம் கிடைக்கும், ஒன்று கிட்டத்தில், இன்னொன்று அதற்கு நேர் எதிரே. காம்போசிட் கிட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. வானத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததா என்ற கேள்வியே அங்கே கிடையாது. அமெரிக்க ஜோதிடர் ராபர்ட் ஹேண்ட் 1975-ல் இதற்கென்றே எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பலர் இதைக் கையில் எடுத்தார்கள். டேவிசன் சார்ட் வேறு வழி. ரொனால்ட் டேவிசன் என்ற ஆங்கிலேய ஜோதிடர் 1977-ல் வந்த தன் புத்தகத்தில் விளக்கியது. இரண்டு பிறந்த நேரத்துக்கும் சரி நடுவில் உள்ள தேதியையும் நேரத்தையும் எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள இடத்தில் அந்த நேரத்துக்கு ஒரு சாதாரண ஜாதகம் போடுவது. அதனால் அது உண்மையாகவே வானம் அப்படி இருந்த ஒரு நாள்.

ஒரு ஜோடியை வைத்தே காட்டுகிறேன். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவர்களே சொன்னதுதான். கணவர் 1988 மார்ச் 10, காலை 6.30, திருநெல்வேலி. மனைவி 1991 மே 20, இரவு 10.10, மும்பை. நடுவில் உள்ள தேதி 1989 அக்டோபர் 14, மதியம் 2.20. நடுவில் உள்ள இடம் ஷிமோகாவுக்குக் கொஞ்சம் மேற்கே, மலைநாட்டில் எங்கோ. அன்றைக்கு அவருக்கு ஒன்றரை வயது, அந்தப் பெண் பிறக்கவே இல்லை, ஷிமோகா பக்கம் இருவரும் போனதும் இல்லை. அந்த நாளைத்தான் அவர்கள் உறவின் ஜாதகம் என்கிறோம். இதை ஏற்க மனசு தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. காம்போசிட்டிலும் அதே அளவு தயங்க வேண்டும், அது வானத்தில் எந்த நாளிலும் இல்லாத ஒன்று.

இனி வரும் பாகை எல்லாம் மேற்கத்திய ஜோதிடத்தின் சாயன ராசிச்சக்கரத்தில், ஏனென்றால் இந்த இரண்டு முறையும் அங்கே பிறந்தவை. நம் நிராயணத்துக்கு 24 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துக்கொள்ளுங்கள், இரண்டு சார்ட்டுக்கும் உள்ள உறவு அதனால் மாறாது.

அவர் சூரியன் மீனம் 20 பாகையை ஒட்டி, அவள் சூரியன் ரிஷபம் 29. கிட்டத்து நடுப்புள்ளி மேஷம் 24, அது காம்போசிட் சூரியன். அக்டோபர் 14 அன்று சூரியன் துலாம் 21, அது டேவிசன் சூரியன். ஏறக்குறைய நேர் எதிர். ஏன்? இருவருக்கும் மூன்று வருடமும் சில்லறை நாளும் வித்தியாசம். அதில் பாதி ஒன்றரை வருடம் சில்லறை. அந்த அரை வருடம்தான் சூரியனைத் தூக்கி எதிர்ப்பக்கம் போடுகிறது. நான்கு வருட வித்தியாசம் என்றால் பாதி முழு இரண்டு வருடம், சூரியன் அதே பக்கம் நின்றிருக்கும்.

சந்திரனுக்கும் இதே கதைதான், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சந்திரன் வேகமாக ஓடுவதால் டேவிசனில் அது எங்கே வேண்டுமானாலும் விழும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சீரான வேகத்தில் ஓடும் எந்தக் கிரகமும், நடு நேரத்தில், நடுப்புள்ளியிலோ அதற்கு நேர் எதிரிலோதான் நிற்க முடியும். இடையில் எத்தனை சுற்று வந்தது என்பதைப் பொறுத்து எந்த முனை என்பது தீர்மானமாகும், அவ்வளவுதான். சந்திரன் சில சமயம் வேகமாகவும் சில சமயம் மெதுவாகவும் போவதால் சில பாகை தள்ளிப்போகும். இந்த ஜோடியில் அவர் சந்திரன் தனுசு 2, அவள் சந்திரன் சிம்மம் 27 தாண்டி. காம்போசிட் சந்திரன் துலாம் 15. டேவிசன் சந்திரன் மேஷம் 14. பாருங்கள், ஒரு சார்ட்டில் சூரியன் மேஷம் சந்திரன் துலாம், இன்னொன்றில் சூரியன் துலாம் சந்திரன் மேஷம். இரண்டிலும் பௌர்ணமியை ஒட்டிய அமைப்பு, 1989 அக்டோபர் 14 இரவு உண்மையிலேயே பௌர்ணமி. ஆள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

லக்னம் இங்கே ஒத்துப்போகிறது. அவர் லக்னம் மீனம் 19, அவளுடையது மகரம் 11, நடுப்புள்ளி கும்பம் 15. டேவிசன் லக்னம் கும்பம் 14. இது தற்செயல் இல்லை. பூமி சுழல்வதும் சீரான ஓட்டம், அதனால் பத்தாம் பாவ முனையும் நடுப்புள்ளியில் நிற்கும் அல்லது எதிரே நிற்கும், லக்னமும் அதோடு போகும். இந்த ஜோடிக்கு ஒரே பக்கம் நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒரே ஒரு நாள் தள்ளி அதே நேரத்தில் பிறந்திருந்தால் நடு நேரம் 12 மணி நேரம் நகர்ந்து, டேவிசன் லக்னம் கும்பத்திலிருந்து சிம்மத்துக்குப் போயிருக்கும். காம்போசிட் லக்னமோ அரைப் பாகை அளவுதான் நகர்ந்திருக்கும்.

இதுவரை சொன்னது நிச்சயம். யார் போட்டாலும் இப்படித்தான் வரும். இனிச் சொல்வது படிக்கும் பகுதி, அங்கே நிச்சயம் குறைவு.

லக்னத்திலிருந்து ராசி எண்ணிப் பார்த்தால் காம்போசிட்டில் சூரியன் மூன்றில், சந்திரன் ஒன்பதில். டேவிசனில் சூரியன் ஒன்பதில், சந்திரன் மூன்றில். அவர்கள் வந்தபோது கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், அப்பா அம்மா செம்பூரில். அவர் வேலைக்காக வந்தவர். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவர் திருநெல்வேலிக்குப் போன் போட்டு அப்பாவிடம் முக்கால் மணி நேரம் பேசுவார். வயல், கோயில் கொடை, யார் வீட்டில் என்ன, எல்லாம். முடித்துவிட்டு வந்து சாப்பிடும்போது பேச்சே இருக்காது. "பேசற பேச்செல்லாம் அங்கேயே தீர்ந்துடுதுங்க சார்" என்றாள் அவள். அவர் மறுக்கவில்லை, மேசையில் கிடந்த தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மூடிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வீடு தினப் பேச்சு. ஒன்பதாம் வீடு அப்பா, தூர ஊர், தெய்வம். அச்சு அப்படியே பொருந்துகிறது. ஆனால் எந்தச் சார்ட் பொருந்துகிறது? காம்போசிட்டை வைத்து, இந்த உறவின் உயிர் பேச்சில் இருக்கிறது, ஆனால் மனசு ஒன்பதில், தூரத்து ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். டேவிசனை வைத்து, இந்த உறவு போகும் திசையை அப்பாவும் ஊரும் தீர்மானிக்கின்றன, மனசோ தினமும் நாலு வார்த்தைக்கு ஏங்குகிறது என்று சொல்லலாம். இரண்டும் அந்த மேசையில் நடந்ததற்குப் பொருந்தும். எந்த முனையில் சூரியன் என்பதை வைத்து ஒன்று சரி, ஒன்று தப்பு என்று தீர்க்க என் அனுபவத்தில் முடிந்ததே இல்லை. முடியும் என்று சொல்பவர்கள், நடந்த கதையைக் கேட்ட பிறகு சொல்கிறார்கள். இதை முறையான ஆய்வு வைத்து யாரும் நிலைநாட்டவில்லை, என் இருபது வருடமும் ஆய்வு இல்லை, நான் பார்த்தவர்கள் மட்டுமே.

அதனால் நான் முனையை விட்டுவிட்டு அச்சைப் படிக்கிறேன். மூன்று-ஒன்பது அச்சு இரண்டு சார்ட்டிலும் நிற்கிறது, அதை உறுதியாகச் சொல்லலாம். உங்களுக்குக் கடகம்-மகரம் அச்சு. வீடும் வேலையும், அம்மா பக்கமும் அப்பா பக்கமும், யார் அரவணைப்பது யார் பொறுப்பேற்பது, இந்த இழுபறி உங்கள் உறவின் நடு விஷயம் என்று இரண்டு சார்ட்டும் சேர்ந்தே சொல்கின்றன. சூரியன் எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து நான் பார்ப்பது, கிரகங்களுக்குள் உள்ள பார்வைகளில் எது இரண்டு சார்ட்டிலும் தங்குகிறது என்பதை. அச்சின் முனை மாறினாலும் 90 பாகைச் சதுரம் சதுரமாகவே இருக்கும். எதிர்ப் பார்வையும் 120 பாகைத் திரிகோணமும் அப்படி இல்லை, ஒரு கிரகம் மட்டும் முனை மாறினால் எதிர்ப் பார்வை சேர்க்கை ஆகிவிடும், திரிகோணம் 60 ஆகிவிடும். இந்த ஜோடியில் சனி காம்போசிட்டில் மகரம் 19, டேவிசனில் மகரம் 8. சனி மெதுவாகப் போனாலும் பூமியிலிருந்து பார்க்கும்போது வக்கிரமாகிப் போய்த் திரும்புவதால் இந்த 11 பாகை வித்தியாசம். காம்போசிட்டில் சனி சூரியனுக்கும் சந்திரனுக்கும் சதுரத்தில், இரண்டும் 5 பாகைக்குள். டேவிசனில் சந்திரனுக்குச் சதுரம் 6 பாகையில் தங்குகிறது, சூரியனுக்கு 13 பாகை தள்ளிப்போய் விட்டுப்போகிறது. ஆகவே சந்திரன்-சனி சதுரத்தை நான் அழுத்திச் சொன்னேன்: அன்பு இருக்கிறது, ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம், கேட்டால் குறையாகிவிடும் என்ற பயம், இருவருக்குமே. அவர் அப்போதுதான் முதல் தடவை நிமிர்ந்து பார்த்தார். சூரியன்-சனியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

குரு இன்னும் நல்ல உதாரணம். காம்போசிட்டில் குரு மிதுனம் 19, துலாத்துச் சந்திரனுக்கு அழகான திரிகோணம். இதை மட்டும் பார்த்தவர், தாராளமான மனசு, சந்தோஷமான குடும்பம் என்று எழுதுவார். டேவிசனில் குரு கடகம் 10, மகரத்துச் சனிக்கு நேர் எதிர், மேஷச் சந்திரனுக்குச் சதுரம். இதை மட்டும் பார்த்தவர், வாக்கு அதிகம் கொடுத்துக் காப்பாற்ற முடியாமல் தவிப்பார்கள் என்று எழுதுவார். ஒரே ஜோடி. சார்ட் தேர்வு உண்மையில் வித்தியாசம் செய்கிற இடம் இதுதான், சூரியன் ராசி இல்லை. இப்படி முரண்பட்டால் நான் அந்தக் கிரகத்தைப் பேசுவதே இல்லை, அவரவர் சொந்த ஜாதகத்தில் குரு என்ன சொல்கிறார் என்று பார்க்கிறேன். சொந்த ஜாதகங்களும், ஒன்றின் கிரகம் மற்றொன்றில் எங்கே விழுகிறது என்பதும்தான் முதல். இந்த இரண்டு சார்ட்டும் அதற்குப் பிறகு.

சுக்கிரன், புதன் விஷயத்தில் காம்போசிட்டுக்கு ஒரு தனிக் குறை உண்டு. வானத்தில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் போகாது, சுக்கிரன் 48-க்கு மேல் போகாது. டேவிசனில் இது எப்போதும் காப்பாற்றப்படும், உண்மையான நாள் என்பதால். காம்போசிட்டில் உடைந்துபோகலாம். ஒருவர் சூரியன் மேஷம் 5, புதன் மீனம் 15. மற்றவர் சூரியன் துலாம் 1, புதன் துலாம் 20. சூரியன்களின் கிட்டத்து நடு கடகம் 3. புதன்களின் கிட்டத்து நடு மகரம் 2-ஐத் தாண்டி. சூரியனும் புதனும் சமசப்தமம்! இதைப் பார்த்து "உங்களுக்குள் பேச்சுவார்த்தையே எதிர் எதிர்" என்று பலன் சொன்ன அறிக்கையை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அது கணக்கு செய்த வேலை, இரண்டு பேரின் சூரியனும் கிட்டத்தட்ட எதிர் எதிரே இருந்தால் கிட்டத்து முனை எது என்பது மயிரிழையில் மாறும். வயது வித்தியாசம் இரண்டரை, நாலரை என்று அரை வருடத்தில் நிற்கும் ஜோடிகள் காம்போசிட்டை இந்தக் காரணத்துக்காகவே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

காலம் பார்ப்பதற்கு டேவிசன் வசதி. அது ஒரு நாள் என்பதால் மேற்கத்திய முறையில் ஒரு நாளை ஒரு வருடமாக வைத்து நகர்த்தலாம், எந்தக் கிரகம் வக்கிரம் என்பதும் அதில் உண்மையாகவே தெரியும். கோசாரம் இரண்டிலும் பார்க்கலாம். அச்சு ஒன்றே என்பதால் சனி துலாம் 21-ல் போனாலும் மேஷம் 24-ல் போனாலும் இரண்டு சார்ட்டின் சூரியனும் தொடப்படும். சில மாதம் முன்பின் ஆகும், அவ்வளவே. நம் ஆட்கள் சிலர் டேவிசன் சந்திரனுக்கு நட்சத்திரம் எடுத்துத் திசை புக்தி போடுகிறார்கள். இந்த ஜோடிக்கு நிராயணத்தில் டேவிசன் சந்திரன் ரேவதி, காம்போசிட் சந்திரன் ஹஸ்தம். ஒன்றில் புதன் திசையில் ஆரம்பிக்கும், மற்றதில் சந்திர திசையில். நான் இதைச் செய்வதில்லை, பொருத்தமும் இதில் பார்ப்பதில்லை. விம்சோத்தரி பிறந்த ஆளுக்கு என்று வந்தது.

கடைசியாக, டேவிசன் எடுக்கும் முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் தப்பானால் இரண்டு சார்ட்டும் ஒரே மாதிரிதான் தப்பும், லக்னம் ஒன்றேகால் பாகையை ஒட்டி நகரும். தேதி தப்பானால்தான் ஆபத்து. நம் வீடுகளில் நாள் என்பது சூரிய உதயத்தில் ஆரம்பிக்கிறது. ராத்திரி ஒன்றரை மணிக்குப் பிறந்த குழந்தையை வீட்டு நோட்டில் "வெள்ளி ராத்திரி, விடிந்தால் சனி" என்று எழுதி, வெள்ளிக்கிழமைத் தேதியையே போட்டு வைப்பார்கள். ஆங்கிலக் கணக்கில் அது சனிக்கிழமைத் தேதி. சயானிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது, டேவிசன் லக்னம் ஏழாம் ராசிக்குப் போய்விட்டது, நான் முழு சார்ட்டையும் தலைகீழாகப் படித்துவிட்டு மறுநாள் போன் பண்ணித் திருத்திச் சொன்னேன். காம்போசிட்டில் இதே தப்பு லக்னத்தை அரைப் பாகைதான் நகர்த்தியிருக்கும், சந்திரனை ஆறேழு பாகை.

நீங்கள் இருவரில் யாராவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்திருந்தால், பழைய ஜாதகத்தில் எழுதியிருக்கும் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். astro.com மாதிரி எதிலாவது நீங்கள் போட்ட தேதிக்கு நிராயணச் சந்திரன் எந்த நட்சத்திரம் என்று பாருங்கள். மேலே சொன்ன ஜோடியில் மனைவிக்கு ஜாதகத்தில் மகம், 1991 மே 20 இரவுக்கும் மகம், ஒத்துப்போகிறது. அங்கே ஆயில்யமோ பூரமோ வந்திருந்தால் தேதி ஒரு நாள் முன்பின் என்று தெரிந்துவிடும். அது ஒத்துவந்த பிறகு இரண்டு சார்ட்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து, இரண்டிலும் உள்ள எதிர்ப் பார்வைகளையும் சதுரங்களையும் மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். முதல் நாள் அதற்கு மேல் படிக்க வேண்டாம்.